வெகுமதி விளம்பரம்: பன்னிரண்டு சோதனையாளர்களின் கையில் எதைக் கொடுப்பது?

ஆண்ட்ராய்டுக்கான சிறிய புதிர்ப்பாதை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் உயிரை இழந்ததும் "விளம்பரம் பார்த்து இன்னோர் உயிர் பெறுக" என்ற பொத்தான் தோன்றுகிறது. அதை அவராகவே அழுத்தினால் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் வழங்கும் வெகுமதிக் காணொளி ஓடுகிறது, முழுவதும் பார்த்தவருக்கு உயிர் கிடைக்கிறது. இந்த ஒரு பொத்தான் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, எழுதியவர் அதைச் சில நூறு முறையாவது அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தங்களின்போது திரையில் வருவது எந்த விளம்பரம் என்பதைப் பொறுத்தே விளம்பரக் கணக்கு பிழைப்பதும் முடங்குவதும் அமைகின்றன.

சோதிப்பதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன: உண்மையான விளம்பரத்தையே ஓட்டி, அதன்மேல் கைபடாமல் பார்த்துக்கொள்வது, கூகுள் எல்லோருக்கும் பொதுவாகத் தரும் மாதிரி விளம்பர அலகு எண்ணை, அதாவது விளம்பரம் தோன்றும் இடத்துக்கான அடையாள எண்ணைப் பயன்படுத்துவது, நம்முடைய சொந்த அலகு எண்ணை வைத்துக்கொண்டு நம் கைபேசியைச் சோதனைக் கருவியாகப் பதிவு செய்வது.

முதல் வழியை நான் அறவே ஏற்பதில்லை. "கிளிக் செய்யவில்லையே, பார்க்க மட்டும்தானே செய்தோம்" என்ற சமாதானம் வெகுமதி விளம்பரத்துக்குப் பொருந்தாது. காணொளியைப் பார்ப்பதே இங்கு பல நேரம் விளம்பரதாரருக்குச் செலவு வைக்கும் செயல். ஒரே கைபேசியில் ஒரே மாலையில் நாற்பது முறை ஓடிய காணொளி, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் செல்லாத போக்குவரத்துதான். கை படாது என்பதும் உறுதியில்லை. காணொளி முடிந்ததும் வரும் இறுதி அட்டையில் மூடும் பெருக்கல் குறி சிறியதாக ஒரு மூலையில் இருக்கும், மற்ற இடத்தில் எங்கு விரல் பட்டாலும் பிளே ஸ்டோர் திறந்துவிடும். எனக்கு நன்கு தெரிந்த இருவர் இப்படித்தான் ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். நண்பர்களிடம் "விளம்பரத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நண்பர்கள் அன்போடு பார்த்தார்கள், சிலர் உதவுவதாக எண்ணி அழுத்தியும் விட்டார்கள். சில நாள்களில் அவர்கள் சேர்ந்திருந்த விளம்பர வலையமைப்பு விளம்பர வழங்கலைக் கட்டுப்படுத்தியது, பிறகு கணக்கையே மூடியது. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவேட்டில் இருந்தது, ஒரே வட்டாரத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்த பார்வைகளும் அழுத்தங்களும் மட்டுமே.

இதில் ஆதாயமும் இல்லை. கடையில் இன்னும் வெளியாகாத, ஆட்மாப் மதிப்பாய்வு முடியாத செயலிக்கு விளம்பர வழங்கல் குறைவாகவே இருக்கும். புதிதாக உருவாக்கிய அலகு விளம்பரம் தரத் தொடங்கவே ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை `onAdFailedToLoad` மூலம் பிழை எண் 3, அதாவது "கோரிக்கை சரி, கொடுக்க விளம்பரம் இல்லை" என்ற பதில் வந்துகொண்டிருக்கும். அதைத் தன் நிரல் பிழை என்று எண்ணி இரவெல்லாம் தேடுபவர்கள் உண்டு.

இரண்டாம் வழியான மாதிரி அலகு எண் இந்தக் கவலைகளை அடியோடு நீக்குகிறது. ஆண்ட்ராய்டில் வெகுமதி விளம்பரத்துக்கான எண் `ca-app-pub-3940256099942544/5224354917`. நடுவில் சாய்கோடு இருப்பது அலகு எண், `~` இருப்பது செயலி எண். இரண்டையும் மாற்றி ஒட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மாதிரி அலகு நம் கணக்கோடு தொடர்பற்றது என்பதால், யார் எத்தனை முறை பார்த்தாலும் அழுத்தினாலும் நம் பெயரில் எதுவும் பதிவாகாது. விளம்பரம் கிட்டத்தட்ட எப்போதும் வந்துவிடும், மேலே `Test Ad` என்ற பட்டையும் தெரியும்.

பொத்தானின் நடத்தையைச் சோதிக்க இதுவே சிறந்தது. காணொளியைப் பாதியில் மூடினால் உயிர் கிடைக்கக் கூடாது. முழுதும் பார்த்தால் ஒரே ஒரு உயிர் கிடைக்க வேண்டும். விமானப் பயன்முறையில் பொத்தான் மங்கியிருக்க வேண்டும். விளம்பரம் மூடியதும் ஆட்டத்தின் ஒலி திரும்ப வேண்டும். இவற்றோடு, பலர் விட்டுவிடும் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றிவைத்த வெகுமதி விளம்பரம் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். ஆட்டத்தை இடைநிறுத்திவிட்டு, மதிய உணவை முடித்துத் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால், நேரத்தைக் கவனிக்காத நிரல் காலாவதியான விளம்பரத்தைக் காட்ட முயன்று தோற்கும்.

மாதிரி எண்ணால் சோதிக்க முடியாதது, நம் சொந்த அலகில் நாம் அமைத்தவை. வெகுமதியின் பெயரும் அளவும் மாதிரி அலகுக்குரியவையாகவே வரும். ஆட்டக்காரர் விளம்பரத்தை முழுதும் பார்த்ததைக் கூகுள் நம் சேவையகத்துக்கு நேரடியாக அறிவிப்பதே சேவையகச் சரிபார்ப்பு. அதற்கான முகவரியை நம் அலகில்தான் அமைக்கிறோம் என்பதால், மாதிரி அலகைப் பார்த்து நம் சேவையகத்துக்கு எந்த அழைப்பும் வராது.

அங்குதான் மூன்றாம் வழி இன்றியமையாததாகிறது. கைபேசியைக் கணினியுடன் இணைத்து, ஒரு முறை விளம்பரக் கோரிக்கை அனுப்பினால், லாக்கேட் எனப்படும் ஆண்ட்ராய்டு இயக்கப் பதிவில் `setTestDeviceIds` என்ற சொல்லோடு ஒரு நீண்ட எண்ணெழுத்துக் கோவை வரும். அதை நகலெடுத்து நிரலில் இட வேண்டும். (எமுலேட்டர்களுக்கு இது தேவையில்லை, அவை தாமாகவே சோதனைக் கருவிகளாகக் கருதப்படுகின்றன.)

```kotlin
val config = RequestConfiguration.Builder()
    .setTestDeviceIds(listOf("பதிவில்_வந்த_கோவை"))
    .build()
MobileAds.setRequestConfiguration(config)
```

இனி அந்தக் கைபேசியில் நம் சொந்த அலகு எண்ணே இயங்கும், ஆனால் வருவது `Test Ad` பட்டை தாங்கிய விளம்பரம். பட்டை தெரியாவிட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும், பதிவு வேலை செய்யவில்லை என்று பொருள். இப்போது சேவையகச் சரிபார்ப்பையும் பார்க்கலாம். அழைப்பில் வரும் `signature` மதிப்பைக் கூகுள் வெளியிடும் பொதுத் திறவுகோலால் சரிபார்க்க வேண்டும். நம் சேவையகம் சரியாகப் பதிலளிக்காவிட்டால் அதே அழைப்பு மீண்டும் வரும், ஆகவே `transaction_id` ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே உயிரைச் சேர்க்க வேண்டும். என் சோதனையில் சேவையகத்தை வேண்டுமென்றே ஒரு முறை பிழைப் பதில் தரவைப்பேன். ஆட்டக்காரர் கணக்கில் இரண்டு உயிர் ஏறினால் நிரல் இன்னும் தயாராகவில்லை.

இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஆட்மாப் வழியாகப் பிற வலையமைப்புகளின் விளம்பரங்களையும் இணைத்திருந்தால், அவற்றுக்கு `Test Ad` பட்டை வராது, நம் பதிவும் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு வலையமைப்பிலும் அதற்குரிய சோதனைப் பயன்முறையைத் தனித்தனியே இயக்க வேண்டும். யூனிட்டி ஆட்ஸில் இது எளிது: தொடக்க அழைப்பில் சோதனைப் பயன்முறைக்கான மதிப்பை `true` என்று கொடுக்கலாம், அல்லது அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பலகையில் திட்டம் முழுமைக்கும் இயக்கலாம். பலகையில் இயக்கினால் வெளியான விளையாட்டின் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சோதனை விளம்பரமே போகும் என்பதால், நான் அதைத் தொடுவதில்லை.

இவ்வளவும் என் மேசையில் இருக்கும் இரண்டு மூன்று கைபேசிகளுக்குத்தான். உண்மையான சிக்கல், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பிளே வழியாக நிறுவிப் பார்க்கும் மூடிய சோதனையில் வருகிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் பிளே கணக்குகள், விளையாட்டை வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 சோதனையாளர்களைத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பன்னிருவர் பெரும்பாலும் தம்பி, அக்கா, கல்லூரி நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள். உயிர் வேண்டும் என்பதற்காகவும் நமக்கு உதவ வேண்டும் என்பதற்காகவும் அவர்கள் விளம்பரம் பார்ப்பார்கள். பன்னிரண்டு கைபேசிகளின் லாக்கேட் கோவைகளைத் திரட்டுவது நடக்கிற காரியமில்லை, ஒருவர் கைபேசியை மாற்றினாலும் பட்டியல் பொய்யாகிவிடும். எனவே மூடிய சோதனைக்கு மாதிரி எண்ணே சரி என்பது என் உறுதியான முடிவு. பிழைதிருத்தப் பதிப்பைப் பிளே ஏற்காது என்பதால் இதற்கென ஒரு தனிப் பதிப்பு வகை தேவைப்படும்:

```kotlin
create("closedTest") {
    initWith(getByName("release"))
    matchingFallbacks += "release"
    buildConfigField("String", "REWARDED_ID",
        "\"ca-app-pub-3940256099942544/5224354917\"")
}
```

`release` வகையில் இதே பெயருக்குச் சொந்த எண்ணைக் கொடுத்து, நிரலில் `BuildConfig.REWARDED_ID` என்று மட்டும் எழுத வேண்டும். `buildConfig = true` இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. பதினான்கு நாள் முடிந்து அனுமதி கிடைத்ததும், பிளே கன்சோலில் மூடிய சோதனைப் பதிப்பை அப்படியே வெளியீட்டுக்கு உயர்த்தும் வசதி கண்முன் இருக்கும். அதை அழுத்தினால், மாதிரி எண் கொண்ட அதே கோப்பு உலகத்துக்குப் போய்விடும். விளையாட்டு பிழையின்றி ஓடும், ஆட்டக்காரர் உயிர் பெறுவார், வருமானம் மட்டும் சுழியத்திலேயே நிற்கும். ஆகவே வெளியீட்டுக்கு, பதிப்பு எண்ணைக் கூட்டிப் புதிய கோப்பையே ஏற்ற வேண்டும்.

புதிய கோப்பு சரியானதா என்பதை நம் சோதனைக் கைபேசியில் ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. பதிவு செய்த கைபேசியில் சொந்த எண்ணுக்கும் `Test Ad` பட்டைதான் வரும், மாதிரி எண்ணுக்கும் அதே பட்டைதான் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அதனால் ஏற்றுவதற்கு முன் கோப்பையே கேட்கிறேன்:

```
unzip -p app-release.aab 'base/dex/*.dex' | grep -a -c '3940256099942544/5224354917'
```

விடை 0 என்றால் ஏற்றலாம். வேறு எந்த எண் வந்தாலும் மாதிரி அலகு இன்னும் உள்ளே இருக்கிறது. சேவையகச் சரிபார்ப்பை அமைத்திருப்பவர்கள், பதிவு செய்த கைபேசியில் ஒரு விளம்பரத்தை முழுதாகப் பார்த்து, சேவையகத்துக்கு வந்த அழைப்பின் `ad_unit` மதிப்பு தம் அலகின் எண்தானா என்றும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அழைப்பே வரவில்லையென்றால் மேலே உள்ள கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.