டிராயரில் தூங்கும் ஊர் போன்

டொராண்டோவில் எங்களில் பலர் ஊர் சிம் போட்ட பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை டிராயரில் வைத்திருப்போம். கும்பகோணத்தில் இறங்கியதும் சார்ஜ் போட்டு வங்கி ஆப்பைத் திறப்பது வழக்கம். இந்தத் தடவை, "இந்த வெர்ஷன் இனி செல்லாது, அப்டேட் செய்யவும்" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. பின் நம்பர் கேட்கும் பக்கமே வரவில்லை.

ப்ளே ஸ்டோரில் அப்டேட் பட்டன் இல்லை. Your device isn't compatible with this version என்றது. இதற்குக் காரணம் போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு. "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வந்திருந்தால் அது வேறு சிக்கல். கூகுள் கணக்கு எந்த நாட்டில் பதிவானது என்பதைப் பொறுத்தது. Settings-இல் About phone பார்த்தேன், ஆண்ட்ராய்டு 7. சிஸ்டம் அப்டேட் தேடினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது. அந்த மாடலுக்குக் கம்பெனி இனி எதுவும் அனுப்பாது என்றுதான் அதற்குப் பொருள்.

"மாமா, ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாமா?" என்றான் அக்கா மகன். வேண்டாம் என்றேன். ஆப் திறக்கும்போதே தன் வெர்ஷன் எண்ணை வங்கி சர்வருக்குச் சொல்லிவிடுகிறது, தடுப்பது சர்வர்தான். பழைய வெர்ஷனை எங்கிருந்து கொண்டுவந்து போட்டாலும் அதே பெட்டிதான் வரும். புதிய வெர்ஷனோ ஆண்ட்ராய்டு 7-இல் ஏறாது. வெளித்தளத்தில் கிடைக்கும் ஏபிகே என்ற ஆப் கோப்பை வங்கி விஷயத்தில் தொடவே கூடாது.

ஆகவே சிம்மைக் கழற்றி கனடா போனில் போட்டோம். (அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் தட்டே கிடையாது, அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.) அங்கே என் ப்ளே ஸ்டோர் கனடாக் கணக்கு, ஆப் தேடலில்கூட வரவில்லை. நாட்டை மாற்றலாம்தான், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் விடுவார்கள், இந்தியக் கட்டண முறையும் வேண்டும். ஊரில் இருந்தபோது தொடங்கிய பழைய ஜிமெயிலை இரண்டாவது கணக்காகச் சேர்த்ததும் ஆப் கண்ணில் பட்டது.

பதிவு செய்யும்போது அந்த சிம்மிலிருந்தே வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். முதலில் போகவில்லை; ரீசார்ஜ் காலாவதியாகியிருந்தது. கடையில் ரீசார்ஜ் செய்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஊர் சிம்மைத் தேர்ந்தெடுத்த பிறகு உள்ளே விட்டது. புதுப் போன் என்பதால் முதல் 24 மணி நேரத்துக்கு யூபிஐயில் 5,000 ரூபாய்தான் அனுப்ப முடிந்தது. அம்மாவின் மருந்துக் கடை பாக்கிக்கு அது போதும். கொத்தனார் கூலிக்கு ஏடிஎம் வாசலில்தான் நின்றேன்.

2023-இலிருந்து கனடா உட்படச் சில நாடுகளின் எண்ணிலேயே என்ஆர்ஐ கணக்குக்கு யூபிஐ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, வங்கி அந்த வசதியைத் தந்திருந்தால். கிளம்பும் முன் கிளையில் கேட்டேன். எங்கள் கிளையில், "இன்னும் வரலைங்க சார்" என்றார்கள்.