கல்சட்டிக் கடையின் வரவேற்பு மின்னஞ்சல்கள்: நீண்ட நாள் பயன்படுத்தியபின் எழுதுவது

எங்கள் கல்சட்டிக் கடை பயன்படுத்தும் மின்னஞ்சல் அனுப்பும் சேவையின் ஆண்டுக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள். சுங்குடிச் சேலை விற்கும் தோழி ஒருவர், "வரவேற்புத் தொடருக்காக மட்டும் இதை வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எழுத உட்கார்ந்த பதில் நீண்டுவிட்டது. செய்திமடலில் புதிதாகச் சேருபவருக்குத் தானாக நாலைந்து மின்னஞ்சல்கள் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு, என்னைத் தூங்கவிடாத ஒரு குறையையும், நான் எதிர்பாராமல் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்கிறேன்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் விற்பது சேலம் பக்கத்து மாக்கல் சட்டிகள். வாங்கியதும் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விழும். முதலில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உள்ளும் புறமும் பூசி, ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு சில நாட்களுக்குச் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி, இரவு முழுக்க வைத்துக் காலையில் கழுவ வேண்டும். அதன்பின் சிறு தீயில் வெந்நீர் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் குழம்பு வைக்கலாம். சட்டியைப் பழக்கும் இந்த முறையைத்தான் தொடரின் மூன்றாவது மின்னஞ்சலாக வைத்தேன். விற்பனை வாசகம் ஒன்றுகூட அதில் இல்லை. பதில் வருவது அந்த ஒரு மின்னஞ்சலுக்குத்தான். கஞ்சி ஊற்றிய சட்டியைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்; பாட்டி வீட்டில் புளிக்குழம்புக்கென்று தனிச் சட்டி இருந்ததைப் பற்றி எழுதுகிறார்கள்; விரிசல் புகார்களும் கண்கூடாகக் குறைந்தன. ஒரு கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த மகிழ்ச்சிக்கு அந்தச் சேவையும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ஒன்றும் தவறாமல் அனுப்பியிருக்கிறது.

இனி குறை. நான்காவது மின்னஞ்சல் கூப்பன். சேர்ந்து ஒரு வாரமாகியும் எதுவும் வாங்காதவருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. இதற்கு நிபந்தனை வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள்: 'தொடர் தொடங்கியபின் ஆர்டர் செய்தவர் வெளியேற வேண்டும்'. ஒவ்வொரு மின்னஞ்சலும் கிளம்புமுன் இந்த நிபந்தனை சரிபார்க்கப்படும். திரையில் பார்த்தால் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் வாங்கியவர் யார் என்பதை அந்தச் சேவை மின்னஞ்சல் முகவரியை வைத்து மட்டுமே அடையாளம் காண்கிறது. நம் ஊரில் பொருள் வாங்குவது எப்படி? செல்பேசி எண்ணைக் கொடுப்பார்கள், ஓடிபி வரும், வீட்டு முகவரியைத் தட்டுவார்கள், பார்சல் வந்ததும் கையில் பணம் கொடுப்பார்கள். மின்னஞ்சல் கட்டம் காலியாகவே போகும். அதைக் கட்டாயமாக்கினால் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

கோயம்புத்தூர் அம்மா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை செய்திமடலில் சேர்ந்தார். புதன்கிழமை 1,400 ரூபாய்ச் சட்டியைச் செல்பேசி எண் கொடுத்து, ரொக்கத்துக்கு ஆர்டர் செய்தார். சனிக்கிழமை சட்டி கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த திங்களன்று கூப்பன் அவர் பெட்டியில் விழுந்தது. உடனே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, முழு விலை கொடுத்து வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. வாங்காமல் இருந்திருந்தால் 140 ரூபாய் மிச்சமாகியிருக்கும். சொன்னவுடன் வாங்கியதற்குத் தண்டனையா இது?" அவர் கேட்டதில் ஒரு சொல் தவறில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கொடுத்த பிறகும் அவர் குரலில் இருந்த சலிப்பு போகவில்லை.

உள்ளே போய்த் தேடினால் காரணம் பளிச்சென்று தெரிகிறது. ஒரே மனிதருக்கு இரண்டு வாடிக்கையாளர் அட்டைகள். ஒன்றில் மின்னஞ்சல் இருக்கிறது. ஆர்டர் என்ற இடத்தில் பூஜ்யம். இன்னொன்றில் செல்பேசி எண் இருக்கிறது, ஆர்டர் ஒன்று, மின்னஞ்சல் கிடையாது. இரண்டும் ஒருவரே என்று அந்தச் சேவைக்குச் சொல்ல வழியில்லை. உங்கள் கடையில் இது நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், மின்னஞ்சல் இல்லாத அட்டைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பட்டியல் நீண்டிருந்தால் உங்கள் கூப்பனும் வாங்கியவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

உதவிப் பிரிவுக்கு எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. "ஆர்டரில் மின்னஞ்சலைக் கட்டாயமாக்குங்கள்" என்பதே மாறாத பதில். இந்தியாவில் கடை நடத்துபவர்களிடம் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம், இந்தியர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இதே குறை அந்த மூன்றாவது மின்னஞ்சலையும் கெடுக்கிறது. பழக்கும் முறை சட்டி வீட்டுக்கு வரும் நாளில் போக வேண்டும். வாங்கியதே தெரியாத சேவை, சேர்ந்த நாளிலிருந்து எண்ணி அனுப்புகிறது. சிலருக்குப் பார்சல் வருமுன்பே போய்விடுகிறது. சிலருக்குச் சட்டியை அடுப்பில் ஏற்றிய பிறகு போய்ச் சேர்கிறது.

'திறக்காதவருக்கு மறுபடி அனுப்பு' என்ற நிபந்தனையும் இதே ரகம். 2021 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிளின் மின்னஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அவர்கள் திறக்காமலேயே படங்களை ஆப்பிள் முன்கூட்டி இறக்கிவிடுகிறது. திறந்ததைக் காட்டிக்கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத படமும் அதில் சேர்த்தி. படிக்காதவர் படித்தவராகப் பதிவாகிறார். படங்களைத் தடுத்து வைத்திருப்பவரோ படித்தும் படிக்காதவராகி, அதே கடிதத்தை இரண்டாம் முறை பெறுகிறார். நான் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, இணைப்பை அழுத்தியவரா என்று மட்டும் பார்க்கிறேன்.

கூப்பன் சிக்கலுக்கு இப்போது நாங்கள் வைத்திருக்கும் வழி இது. தள்ளுபடியை எடுத்துவிட்டு, முதல் மின்னஞ்சலிலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறியீடு கொடுக்கிறோம். ஆர்டரில் அதை இட்டால் ஒரு மரக் கரண்டி இலவசம். எங்களுக்கு அதன் அடக்கவிலை 45 ரூபாய். முதல் நாளே கையில் இருப்பதால் சீக்கிரம் வாங்கியவருக்கு நட்டம் இல்லை. அதைவிட முக்கியம், செல்பேசி எண்ணோடு மட்டும் வந்த ஆர்டரிலும் அந்தக் குறியீடு இருக்கும். அது யாருடைய மின்னஞ்சலுக்குப் போனது என்று நமக்குத் தெரியுமல்லவா? மாலையில் என் மனைவி ஆர்டர் பட்டியலில் உள்ள குறியீடுகளைத் தேடி, உரியவர் அட்டையில் 'வாங்கியவர்' என்று குறிக்கிறார். குறி விழுந்ததும் அவர் தொடரிலிருந்து வெளியேறுகிறார். சட்டி போய்ச் சேரும் நாளில் பழக்கும் முறை மட்டும் தனியாகப் போகிறது. குறியீட்டை இட மறப்பவர்கள் இன்னும் தப்பிவிடத்தான் செய்கிறார்கள். ஆனால் தள்ளுபடியே இல்லாததால் யாரும் ஏமாந்ததாக உணர்வதில்லை.

தோழிக்கு என் பதில்: தொடரை எழுதுங்கள். சுங்குடியை முதல் முறை எப்படி அலச வேண்டும், சாயம் இறங்காமல் எப்படிக் காக்க வேண்டும் என்று ஒரு கடிதம் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் முன்பணம் கட்டி, மின்னஞ்சலும் கொடுத்து வாங்குபவர்கள் என்றால் இந்தச் சேவை உங்களுக்குக் குறையில்லாமல் உழைக்கும். ரொக்க ஆர்டர்தான் அதிகம் என்றால், கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வாங்காதீர்கள். நானே அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன். மூன்றாவது கடிதத்துக்கு வரும் பதில்களை இழக்க மனம் வரவில்லை. ஆனாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் என்னால் கொடுக்க முடியாது.