ஒரே வண்டி, இரண்டு ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தம்: 24ஆம் மாதத்தில் வைத்துப் பார்த்தால்

ஒரு சரக்கு வண்டி. விலை 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பணம் எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். கையிலிருந்து 2 லட்சம் முன்பணம், மீதி 8 லட்சம் ஃபைனான்ஸ், தவணைக் காலம் 60 மாதம். இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் நீட்டுகின்றன.

முதலாவது நேர்த்தவணை. ஃபிளாட் வட்டி 7 சதவீதம், மாதம் 18,000, கடைசித் தவணை கட்டியதும் வண்டி உங்கள் பெயருக்கு வரும். இரண்டாவது பலூன் தவணை. வட்டி 12 சதவீதம், ஆனால் குறையும் நிலுவைக்கு மட்டும். மாதம் 14,122 கட்டினால் போதும். 60ஆம் மாத முடிவில் 3 லட்சம் மொத்தமாக வைக்க வேண்டும். அதைத்தான் எச்ச மதிப்பு என்று எழுதியிருப்பார்கள்.

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது வட்டி விகிதம். 7 எங்கே, 12 எங்கே என்று முதலாவதில் கையெழுத்துப் போடப் போவார்கள். அல்லது மாதத் தவணையைப் பார்த்து, கிட்டத்தட்ட 4,000 மிச்சம் என்று இரண்டாவதற்குப் போவார்கள். இரண்டு வழியிலும் தப்புக் கணக்குதான்.

ஃபிளாட் வட்டி என்பது 8 லட்சமும் ஐந்து வருடம் முழுக்க உங்களிடமே இருப்பதாக நினைத்துப் போடும் கணக்கு. 8 லட்சத்துக்கு 7 சதவீதம், 5 வருடம்: 2,80,000. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொண்டே இருக்கிறீர்கள். 50ஆம் மாதத்தில் உங்களிடம் இருக்கும் கடன் கொஞ்சம்தான்; வட்டி மட்டும் முழு 8 லட்சத்துக்கு ஓடுகிறது. இதைக் குறையும் நிலுவை வட்டியாக மாற்றிப் பார்க்க எக்செலில் ஒரு வரி போதும்:

```
=RATE(60,-18000,800000)*12
```

விடை சுமார் 12.5 சதவீதம். ஆக, 7 என்று சொன்னவர்தான் 12 என்று சொன்னவரைவிட வட்டி கூடுதலாக வாங்குகிறார். சரி, அப்படியானால் இரண்டாவதுதான் மலிவு என்று முடிவு கட்டலாமா? மொத்தத்தைப் போட்டுப் பாருங்கள்.

| | நேர்த்தவணை | பலூன் |
|---|---|---|
| முன்பணம் | 2,00,000 | 2,00,000 |
| 60 தவணை | 10,80,000 | 8,47,320 |
| கடைசியில் | இல்லை | 3,00,000 |
| ஆவணக் கட்டணம் | 12,000 | 5,000 |
| மொத்தம் | 12,92,000 | 13,52,320 |

விகிதம் குறைந்த ஒப்பந்தத்தில் மொத்தம் 60,000க்கு மேல் கூடுகிறது. காரணம், அந்த 3 லட்சம் அசல் ஐந்து வருடமும் அசையாமல் நின்று வட்டி தின்றுகொண்டே இருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பணத்தை அதிக நாள் வைத்திருந்ததற்கான வாடகை அது. மாதம் மிச்சமாகும் 3,878ஐ அப்படியே எடுத்து வைத்தாலும் 60 மாதத்தில் 2,32,680தான் சேரும். 3 லட்சத்துக்கு இன்னும் 67,320 தேவை. அந்த மிச்சம் டயருக்கோ டீசலுக்கோ போய்விட்டால், கடைசி மாதம் முழு 3 லட்சத்துக்கும் இன்னொரு கடன் வாங்க வேண்டும். முதல் வருடம் வாடகைச் சவாரி நிலையாக வராது என்று தெரிந்தவருக்குப் பலூன் உதவும். மற்றபடி, சின்னத் தவணையைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை.

அடுத்து, 3 லட்சம் என்ற எண்ணைத் தொடர்ந்து வரும் வாக்கியத்தைப் படிக்க வேண்டும். இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். "செலுத்த வேண்டும்" என்றிருந்தால், சந்தையில் வண்டி என்ன விலைக்குப் போனாலும் நட்டம் உங்களுடையது. "செலுத்தி வாங்கலாம் அல்லது வண்டியைத் திருப்பி ஒப்படைக்கலாம்" என்றிருந்தால், விலை விழுந்தால் அடி நிறுவனத்துக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் கீழே நிபந்தனைகள் ஒரு பத்தி நீளத்துக்கு வரும்: கிலோமீட்டர் வரம்பு, டயர், பாடி அடி, சர்வீஸ் பதிவு.

கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். வரம்பு வருடத்துக்கு 60,000, மீறினால் கிலோமீட்டருக்கு 1.50 என்று போட்டிருக்கிறது. தினம் 250 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால் வருடம் 75,000. ஐந்து வருடத்தில் வரம்புக்கு மேல் 75,000 கிலோமீட்டர்; அபராதம் 1,12,500. இப்போது கணக்கு மாறுகிறது. வண்டியை ஒப்படைத்தால் 1,12,500 போகும். அதே வண்டியை 3 லட்சம் கட்டி எடுத்து விற்றால், விலை 1,87,500க்கு மேல் கிடைத்தால் ஒப்படைப்பதைவிட அதுவே லாபம். அதாவது, நீங்கள் கையில் வைத்திருப்பதாக நினைத்த 3 லட்சம் பாதுகாப்பு உண்மையில் 1,87,500க்குத்தான். வண்டி எவ்வளவு ஓடும் என்பதை உங்கள் சவாரிப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். விற்பனையாளர் சொல்லும் சராசரியை வைத்துப் போடாதீர்கள். சந்தை விலைக்கும் அப்படித்தான். ஐந்து வருடம் ஓடிய அதே மாடலை வியாபாரி வாங்கும் விலை வேண்டும், விளம்பரத்தில் கேட்கும் விலை அல்ல.

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தோம். ஒப்பந்தத்தை நான் படிக்கத் தொடங்குவது எப்போதும் கடைசிப் பக்கங்களில் இருந்துதான். 24 தவணை கட்டியாயிற்று, அதன் பிறகு சவாரி நின்றுவிட்டது, வண்டியைத் தூக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 5,50,000க்குப் போகிறது. என்ன பாக்கி?

பலூன் ஒப்பந்தத்தில் அசல் மெதுவாகக் குறைவதால் நிலுவை இன்னும் சுமார் 6,35,000. ஏலத் தொகை போகத் துண்டு 85,000. வண்டியும் இல்லை, கடனும் முடியவில்லை.

நேர்த்தவணையில் அசல் வேகமாகக் குறைந்திருக்கும். 12.5 சதவீதக் கணக்கில் பார்த்தால் 24ஆம் மாத நிலுவை சுமார் 5,38,000தான். ஏலத் தொகையே அதை அடைத்துவிடும், 12,000 மிஞ்சவும் செய்யும். ஆனால் இந்த ஒப்பந்தத்தின் முறிவு விதி இப்படிச் சொல்கிறது: "மீதமுள்ள அனைத்துத் தவணைகளும் உடனடியாகச் செலுத்தத்தக்கவை." மீதம் 36 தவணை, 36 முறை 18,000: 6,48,000. இன்னும் ஓடாத மூன்று வருடத்துக்கான வட்டியும் அதற்குள் இருக்கிறது. துண்டு 98,000. பலூனைவிட மோசம்! அந்த ஒரு வாக்கியத்தின் விலை 1,10,000. மேலே அட்டவணையில் நேர்த்தவணை காட்டிய லாபத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "வராத வட்டியைக் கழித்த பிறகு" என்று சேர்க்கச் சொல்லுங்கள். எந்த முறையில் கழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வட்டியில் பெரும்பகுதியை முதல் மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளும் 78 விதி என்ற பழைய முறையில் கழித்தால் தொகை சுமார் 5,46,000 வரும், அதாவது 8,000 கூடுதல். அதைச் சகித்துக்கொள்ளலாம், கழிவே இல்லாததைச் சகிக்க முடியாது.

மிஞ்சும் தொகை யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இது ஹயர் பர்ச்சேஸின் அடிப்படையிலிருந்து வரும் சிக்கல். 1895இல் லண்டனில் ஹெல்பி எதிர் மேத்யூஸ் என்ற வழக்கில் ஒரு பியானோவை வைத்து இதைத் தீர்த்தார்கள்: தவணை கட்டுபவர் வாங்க ஒப்புக்கொண்டவர் அல்ல, வாங்கும் உரிமையை வைத்திருக்கும் வாடகைக்காரர் மட்டுமே. சொத்து நிறுவனத்துடையது. அதனால் தங்கள் பொருளை விற்று வந்த மிச்சம் தங்களுக்கே என்று அவர்கள் வாதிட இடமிருக்கிறது. நம் உதாரணத்தில் பலூன் ஒப்பந்தம் "மிகைத் தொகை வாடகைதாரருக்குத் திருப்பித் தரப்படும்" என்கிறது. நேர்த்தவணை ஒப்பந்தம் வாயே திறக்கவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. பிரிட்டனில் 1974 சட்டப்படி மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்ற ஆணை இல்லாமல் பொருளை எடுக்க முடியாது. ஆனால் கம்பெனி பெயரில் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலேசியாவின் 1967 சட்டத்தில் முக்கால் பங்கைத் தாண்டினால் அதே போன்ற தடை உண்டு. சரக்கு வண்டியானால் சுமையோடு சேர்த்து 2,540 கிலோ வரைதான். இந்தியா 1972இல் ஹயர் பர்ச்சேஸுக்கென்றே சட்டம் இயற்றியது. நடைமுறைக்கே வராமல் 2005இல் அதை நீக்கிவிட்டார்கள். தொழில் வண்டிக்காரருக்குப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

நம் இரண்டு ஒப்பந்தங்களும் வண்டியை எடுக்கும் முறையில் இன்னும் பிரிகின்றன. பலூனில் இரண்டு தவணை தவறி, எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, 14 நாள் கழிந்த பிறகே எடுக்கலாம். அதற்குள் பாக்கியைக் கட்டினால் ஒப்பந்தம் தொடரும். நேர்த்தவணையில் ஒரு தவணை தாமதமானாலே அறிவிப்பின்றி எடுக்கலாம். அதோடு, அதே நிறுவனத்தில் உங்கள் இன்னொரு வண்டிக்குப் பாக்கி இருந்தாலும் இந்த வண்டியைத் தூக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று வண்டி ஓட்டுபவருக்கு இது விஷம். ஒன்று ரிப்பேரில் நின்றால் மற்ற இரண்டும் கைவிட்டுப் போகும், சம்பாதித்துக் கட்ட வழியே இருக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகு என் கை நேர்த்தவணைக்குத்தான் போகும், நான்கு திருத்தங்களுக்குச் சம்மதித்தால்: வராத வட்டிக் கழிவு, மிகைத் தொகை திரும்ப வருவது, இரண்டு தவணையும் 14 நாள் அறிவிப்பும், மற்ற வண்டியின் பாக்கியை இதில் கோர்க்காமல் இருப்பது. விற்பனைப் பிரதிநிதி "இது அச்சடித்த படிவம், மாற்ற முடியாது" என்பார். படிவத்தை மாற்ற வேண்டாம், இணைப்புக் கடிதத்தில் எழுதி, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரின் ஒப்பமும் முத்திரையும் கேளுங்கள். முதல் திருத்தத்தையே மறுத்தால் 60,000 கூடக் கொடுத்துப் பலூனுக்குப் போவேன். அதுவும் கடைசி 3 லட்சத்துக்கு வழி தெரிந்திருந்தால்.

எந்தப் பக்கம் போனாலும் இரண்டு ஒப்பந்தங்களிலும் இல்லாத ஒன்றைக் கேட்டு எழுத வையுங்கள். சேசிஸை மட்டும் ஃபைனான்ஸில் எடுத்து, குளிர்ப்பெட்டி பாடியை உங்கள் காசில் கட்டியிருந்தால், "வண்டியும் அதில் பொருத்தப்பட்ட அனைத்தும்" என்ற சொற்றொடர் அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். உங்கள் பில்லை இணைத்து, பாடி தனி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் சரக்கு உங்களுடையதுகூட அல்ல, அனுப்பியவருடையது. அதை எத்தனை மணி நேரத்துக்குள், எங்கே, யார் செலவில் இறக்கித் தருவார்கள் என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.