நம்பர் மீட்டுத் தருகிறேன் என்று 3,500 ரூபாய் வாங்கி, இருந்ததையும் அழித்த கடை

நேற்று நடந்தது. ஆத்திரம் தாங்காமல்தான் எழுதுகிறேன்.

கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் என் தொழில். போனில் இரண்டு முறை பதிவான பெயர்களை ஒன்றாக்கும் ஆப் ஒன்றைப் போட்டதில் 340 நம்பர்கள் அழிந்தன. எல்லாம் போன் மெமரியில் சேமித்தவை, கூகுள் கணக்கில் இல்லை. அதனால் contacts.google.com குப்பைத்தொட்டியிலும் ஒன்றும் இல்லை.

பக்கத்து பஜாரில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. "அண்ணே, கவலையே படாதீங்க, ஒரு நம்பர் விடாம எடுத்துரலாம்" என்றான் பையன். டீ வாங்கிக் கொடுத்தான். அந்தப் பேச்சில் மயங்கி, 3,500 ரூபாயும் போன் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டேன். மத்தியானம் அவன் போன் பண்ணி ஓடிபி கேட்டபோது என் மனைவியின் போனிலிருந்து அதையும் படித்துச் சொன்னேன். என் சிம் அப்போது அதில்தான் இருந்தது.

சாயங்காலம் 186 நம்பர் வந்திருந்தது. எல்லாம் "~குமார்", "~செல்வி" என்று. வாட்ஸ்அப் குரூப்பில் நாம் சேமிக்காத ஆட்களின் பெயருக்கு முன்னால் வருமே, அந்தக் குறி. போனை ரீசெட் அடித்து, வாட்ஸ்அப்பை மறுபடி திறந்து, எங்கள் தெருக் குரூப் ஆட்களைச் சேமித்திருக்கிறான்! ஒருவர்கூட என் ஆள் இல்லை.

ரீசெட்டுக்கு முன்பு கால் ஹிஸ்டரி முழுதாக இருந்தது. பெயர் இல்லாவிட்டாலும், முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பேசிய நம்பர் காய்கறிக்காரருடையது என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் சாட்டில் வாழை இலைக் கட்டின் படம் இருந்தாலே இலைக்காரர் யாரென்று தெரிந்துவிடும். ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் நானே எழுதியிருப்பேன். பேக்கப் எதுவும் இல்லாததால், ரீசெட்டோடு இரண்டும் போய்விட்டன.

பணத்தைத் திரும்பக் கேட்டால், "ஓனர் வரட்டும்ணே". ஓனரிடம் கேட்டால், "சாப்ட்வேர் வேலைக்குப் பணம் ரிட்டர்ன் கிடையாது". மூன்றாவது தடவை போனையே எடுக்கவில்லை. 3,500 ரூபாய், சார். இரண்டு சமையல் ஆட்களின் கூலி.

ராத்திரி பழைய ஜிமெயிலைத் துழாவினேன். "Mob" என்றும் "மண்டபம்" என்றும் தேடியதில், கொட்டேஷன் பதில்களின் அடியில் கையெழுத்தோடு இருந்த 23 நம்பர்கள் கிடைத்தன. ஜிமெயில் தானாகச் சேர்த்து வைத்திருக்கும் "மற்ற தொடர்புகள்" பட்டியலில் மெயில் முகவரிதான் இருந்தது, நம்பர் இல்லை.

எப்படி மீட்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: யாரையும் ரீசெட் செய்ய விடாதீர்கள். முதலில் கால் ஹிஸ்டரியை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். மீட்கும் நம்பரைக் கூகுள் கணக்கில் சேமியுங்கள்.

பந்தி பரிமாறும் பெரியவர் ஒருவர், பதினொரு வருடமாக என்னோடு வருபவர். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், வாட்ஸ்அப்பும் இல்லை, மெயிலும் இல்லை. என் கால் ஹிஸ்டரியில் மட்டும்தான் இருந்தார். வரும் வியாழக்கிழமை முகூர்த்தம். அவராகக் கூப்பிட்டால்தான் உண்டு.