எச்சரிக்கை: ஊதா சிவக்கும், பழுப்பு சிவக்காது

காற்றை உறிஞ்சி மூடிய தட்டுகளில் மாட்டிறைச்சி விற்கும் ஒரு கடையில், பொதியிட்ட நாள் ஒன்றாகவே அச்சிடப்பட்டிருந்த இரண்டு தட்டுகளை வாங்கினேன். ஒன்றிலிருந்த துண்டு அடர்ந்த ஊதா நிறத்திலும் மற்றதிலிருந்தது மங்கிய பழுப்பு நிறத்திலும் இருந்ததால், காரணத்தைக் கடைக்காரரிடம் கேட்டேன். "காற்றில்லாத பொதியில் இறைச்சி அப்படித்தான் கறுக்கும், பிரித்து அரை மணி நேரம் வையுங்கள், சிவந்துவிடும்" என்றார். அவர் சொன்னது ஊதாத் துண்டுக்குப் பொருந்தும் உண்மை. அதைப் பழுப்புத் துண்டுக்கும் சேர்த்துச் சொன்னதில்தான் ஏமாற்று இருந்தது.

இறைச்சியின் நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின் என்னும் புரதம். ஆக்சிஜன் படாதபோது அது ஊதாவாக இருக்கும். எனவே, காற்று நீக்கிய பொதியில் ஊதா நிறம் இயல்பானது. பொதி ஒழுங்காக மூடப்பட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளமும்கூட. பொதியைப் பிரித்ததும் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வதால், அரை மணி நேரத்துக்குள் மேற்பரப்பு பளிச்சென்று சிவக்கிறது. பழுப்பு நிறம் வேறு வகையானது. மயோகுளோபினில் உள்ள இரும்பே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்ட நிலை அது. அந்த நிலையில் ஆக்சிஜன் அதனுடன் இணைய முடியாது என்பதால், எவ்வளவு நேரம் காற்றில் வைத்தாலும் அது சிவக்காது.

இரண்டு துண்டுகளையும் பிரித்துத் தனித்தனித் தட்டுகளில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தேன். அரை மணி நேரத்தில் ஊதாத் துண்டு முழுவதும் சிவந்திருந்தது. பழுப்புத் துண்டில் எந்த மாற்றமும் இல்லை. பிரித்தவுடன் இரண்டிலும் லேசான புளித்த வாடை வந்தது. அடைபட்டிருந்த இறைச்சியில் அது வழக்கமே என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஊதாத் துண்டில் சில நிமிடங்களில் மறைந்த அந்த வாடை, பழுப்புத் துண்டில் நீடித்ததோடு விரலில் பிசுபிசுப்பும் ஒட்டியது. அதன் தட்டிலிருந்த தேதிச் சீட்டை மெதுவாக உரித்தபோது, அடியில் இன்னொரு சீட்டின் கிழிந்த ஓரம் தெரிந்தது. தட்டோடு திரும்பிப் போய்க் காட்டிய பிறகே, திறந்த கண்ணாடிப் பேழையில் விற்காமல் நிறம் மாறிய துண்டுகளை மறுபடி பொதியிட்டுப் புதிய தேதி ஒட்டியதை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

பழுப்பைக் கண்டாலே கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. பொதிக்குள் சிறிதளவு ஆக்சிஜன் தங்கினாலும் மேற்பரப்பு பழுப்பாகும். சொல்லப்போனால், ஏராளமான ஆக்சிஜனைவிட இந்தச் சொற்ப அளவுதான் பழுப்பை விரைவாக உண்டாக்குகிறது. புதிய இறைச்சியில் அதைத் திருப்பி ஊதாவாக்கும் திறன் இன்னும் இருப்பதால், பொதி இறுக்கமாக இருந்தால் ஓரிரு நாளில் அந்தப் பழுப்பு மறைந்துவிடும். பழைய இறைச்சி அந்தத் திறனை இழந்திருக்கும். ஆகவே பழுப்பைக் கண்டால் முதலில் உறையை விரலால் தள்ளிப் பாருங்கள். அது துண்டோடு ஒட்டாமல் நகர்ந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. இறுக்கமாக ஒட்டியிருந்தும், பொதியிட்டுப் பல நாளாகியும் பழுப்பாகவே இருந்தால், பொதியிடும்போதே அந்தத் துண்டு பழையதாக இருந்திருக்கக் கூடும்.

சாம்பல் நிறத்தை இடம் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். கொத்திறைச்சியின் நடுப்பகுதி, காற்றுப் படாததால் மட்டும் சாம்பலாகத் தெரிவதுண்டு, அதனால் தீங்கில்லை. மேற்பரப்பில் பச்சை கலந்த சாம்பலும் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்து வந்தால், கந்தக வாயுவை வெளியிடும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்று பொருள். அந்த இறைச்சியைச் சமைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

வெள்ளைச் சதையுள்ள மீன்களில் மயோகுளோபின் மிகக் குறைவு என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. சூரை மீனுக்குப் பொருந்தும். அங்கே நான் அஞ்சுவது பழுப்பைக் காட்டிலும் பளிச்சென்ற சிவப்பைத்தான். காற்று நீக்கிய உறைக்குள் சூரைத் துண்டு தர்ப்பூசணிச் சிவப்பாக இருந்தால், அதற்குக் கார்பன் மோனாக்சைடு ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் இதற்கு அனுமதி உண்டு; ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இப்படி நிலைநிறுத்திய சிவப்பு, மீன் கெட்ட பின்னும் மாறாமல் இருக்கும். குளிர் தவறிய சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் என்னும் நச்சு சமைத்தாலும் அழியாது என்பதால், அத்தகைய பொதியில் நிறத்தை நம்பாமல், சேர்க்கப்பட்ட வாயுவின் பெயர் சீட்டில் இருக்கிறதா, கடையில் அது எந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டிருந்தது என்று கேட்டறிந்த பிறகே வாங்குங்கள்.