டிஸ்சார்ஜ் தாளிலிருந்து சமையலறைச் சுவருக்கு: தண்டையார்பேட்டையில் மூன்று வாரம்

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வீடு திரும்பிய மூன்றாம் நாள் மெல்பர்னிலிருந்து போய்ச் சேர்ந்தேன். சிகிச்சையில் குறை சொல்ல எதுவுமில்லை. கையில் கொடுத்தனுப்பிய நான்கு பக்கத் தாளை அம்மா எப்படிப் பின்பற்றுவது என்பதுதான் கேள்வி. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். தாள் முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்து.

தம்பி அதை வாட்ஸ்அப்பில் எனக்கு முன்பே அனுப்பியிருந்தான். டியூப்லைட்டுக்குக் கீழே, மடியில் வைத்து எடுத்த படங்கள். நான்கு பக்கத்துக்கு மூன்று படம்தான் இருந்தது. மருந்துப் பட்டியலில் ஒரு வரி, மடிப்பின் நிழலில் பாதி மறைந்திருந்தது. நீர் பிரியும் மாத்திரை, ஃபுரோசிமைடு 40 மில்லிகிராம். அதற்கு எதிரே ‘1’ மட்டும் தெரிந்தது, மற்ற இரண்டு எண்களும் மங்கல். மூலத் தாள் ஃபைலுக்குள் போய்விட்டதால் வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்த்தே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 1-0-1 என்று தம்பி எடுத்துக்கொண்டு, காலையும் இரவு ஒன்பது மணிக்கும் கொடுத்து வந்தான். அப்பா ராத்திரி ஐந்து தடவை எழுந்து பாத்ரூம் போனார். ஒரு தடவை வாசற்படியில் கால் இடறி, கதவைப் பிடித்து நின்றிருக்கிறார்.

போனதும் மூலத் தாளை எடுத்து, ஜன்னல் ஓரம் தரையில் விரித்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி நேர் மேலிருந்து பக்கத்துக்கு ஒரு படம் எடுத்தேன். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்து உடையாது. பெரிதாக்கிப் பார்த்தால் 1-1-0. காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு இல்லை. ராத்திரித் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் அப்படி எழுதுவார்கள். இருந்தாலும் என் கண்ணை மட்டும் நம்பாமல் வார்டுக்குப் போன் போட்டு, நோயாளி எண்ணைச் சொல்லிக் கேட்டேன். சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, “ஆமாம்மா, ரெண்டாவது மாத்திரை மதியம் ரெண்டு மணிக்கு” என்றார். அன்றைக்கே மாற்றினோம். அடுத்த ராத்திரி அப்பா ஒரே தடவைதான் எழுந்தார்.

அப்புறம் வீட்டிலிருந்த மருந்து டப்பாவைத் தரையில் கொட்டினேன். இதுதான் எனக்கு மிகப் பெரிய வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரித் தாளில் புதிதாக என்ன சாப்பிட வேண்டும் என்று இருக்கும். பழையதில் எதை நிறுத்த வேண்டும் என்று எப்போதும் இருக்காது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தப் பொடி எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். புதிய அட்டையில் டெல்மிசார்டன் 40. வேறு நிறத்தில், வேறு பெயரில் இருந்த பழைய பிரஷர் மாத்திரையிலும் டெல்மிசார்டன் 40. அம்மா இரண்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அப்பா சொன்னதற்குப் பலவீனம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். பிரஷர் பார்த்தேன்: 96-க்கு 58.

மூட்டு வலிக்கு அவர் வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக் அட்டையும் டப்பாவில் இருந்தது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை; இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஆகாத மருந்து அது. இரண்டையும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்டோம். டெல்மிசார்டன் ஒன்று போதும், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம் என்றார். எதையும் நாமாக நிறுத்தக் கூடாது, நாமாகச் சேர்க்கவும் கூடாது என்பதால் முடிவை அவரிடமே விட்டோம்; பிரஷர் அவ்வளவு குறைவாக இருந்ததால் பதில் வரும்வரை அடுத்த வேளை பிரஷர் மாத்திரையை மட்டும் தள்ளி வைத்துக் காத்திருந்தோம். அரை மணியில் பதில் வந்தது. நிறுத்திய அட்டைகளை ஒரு கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்தோம்.

மிச்சம் ஐந்து மருந்து. அட்டைகளில் மார்க்கரால் 1 முதல் 5 வரை எண் போட்டேன். காலாவதித் தேதி அச்சாகியிருக்கும் ஓரத்தில் எழுதாமல், அந்த ஓரத்தைக் கடைசி வரை கிழிக்காமல் வைக்கச் சொன்னேன். தெருமுனை மருந்துக்கடை அண்ணன் அடுத்த மாதம் வேறு கம்பெனி அட்டை கொடுத்தாலும் அந்தப் பொடி எழுத்தோடு ஒப்பிட்டு அதே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

தினசரித் தாளை ஒரே பக்கமாக, பெரிய எழுத்தில், அப்பாவின் நாள் ஓடுகிற வரிசையிலேயே எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். எழுந்ததும் எடை. டிபனுக்கு அப்புறம் 1, 2, 3. மதியம் இரண்டு மணிக்கு 1 மறுபடியும். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் 4, 5. எதிரே ஏழு நாளுக்கும் கட்டங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்ததும் டிக் போடக் கூடாது, விழுங்கிய பிறகே போட வேண்டும் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

எடைக்கு ஒரு மெஷின் வாங்கினோம். சிறுநீர் போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே லுங்கியோடு, மொசைக் தரையில் நிற்க வேண்டும். மெத்தை விரிப்பில் வைத்தால் கணக்கு தப்பும். டிஸ்சார்ஜ் தாளில் 61.4 கிலோ, வீட்டு மெஷினில் முதல் நாள் காலை 62.1. இரண்டு மெஷினும் ஒத்துப் போகாது. அதனால் வீட்டு எண்ணைத்தான் தொடக்கமாக வைத்தோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன் செய்யச் சொல்லித் தாளிலேயே இருந்தது. ஆகவே அடியில் சிவப்பில் ‘64.1 ஆனால் டாக்டருக்குப் போன்’ என்று எழுதி, எண்ணையும் போட்டேன். அம்மா கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. அதன் கீழே: படுத்தால் மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் காத்திருக்காமல் 108.

தண்ணீர் நாளுக்கு ஒன்றரை லிட்டர். இதைக் கணக்கு எழுதி யாரும் பின்பற்ற மாட்டார்கள். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்தோம். அப்பா ஒரு டம்ளர் டீ குடித்தால் அதே டம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்ற வேண்டும். ரசம், கஞ்சி, மோர் எல்லாம் இதே கணக்குதான். பாட்டில் காலியானால் அன்றைய பங்கு முடிந்தது. முதல் நாள் மாலை நாலரைக்கே காலி. மறுநாள் அப்பாவே சின்ன டம்ளருக்கு மாறிவிட்டார்.

உப்பு விஷயம் கஷ்டம். காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கருவாடு வேண்டாம் என்பது சின்ன விஷயமா? ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தாளில் எழுதிக் கோடு போட்டோம். பக்கத்து வீட்டு அக்கா ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட் ஒன்றை அன்போடு கொண்டுவந்தார். அதில் பொட்டாசியம் இருக்கும். அப்பா சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோனும் டெல்மிசார்டனும் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைப்பவை. அது கூடினால் இதயத்துடிப்பே தடுமாறும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை, பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும். ரிவ்யூவுக்குச் சுவர்த் தாளையே கழற்றி எடுத்துப் போனோம். ஏழு நாள் எடையைப் பார்த்துவிட்டு டாக்டர் மதிய மாத்திரையைப் பாதியாக்கினார். பழைய தாளில் அடித்துத் திருத்தாமல், புதிதாக எழுதி, மேலே தேதி போட்டு ஒட்டினோம். பழையதை அங்கேயே கிழித்துப் போட்டாச்சு. தம்பி போனிலிருந்த அந்த மங்கல் படங்களையும் அழித்துவிட்டான்.

நான் கிளம்பிய அன்று காலை, அம்மா பென்சிலால் எழுதிய எண் 61.8.