சமமாகக் காலியாகும் இரு கட்டங்கள்: எந்தச் சுழியத்தை வைத்துக்கொள்வது?

இருப்பு தேவையை விஞ்சும் போக்குவரத்துக் கணக்கில், மிகுதியை வாங்கிக்கொள்ளப் போலிச் சேருமிடம் ஒன்றைச் சேர்த்து, அதன் செலவுகளைச் சுழியமாக வைக்கிறோம். அனுப்பப்படாத சரக்கு கிடங்கிலேயே செலவின்றிக் கிடக்கும் என்பதே இதன் பொருள். தீர்வை மேம்படுத்தும்போது இந்தப் போலி நிரலிலுள்ள கட்டமும் உண்மையான வழி ஒன்றும் ஒரே நேரத்தில் காலியானால், இரண்டில் எதைச் சுழிய மதிப்போடு அடிப்படைக் கட்டமாக வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது. ஒரு கணக்கைக் கொண்டு இரண்டு தெரிவுகளையும் ஒப்பிடலாம். செலவு மூட்டைக்கு ரூபாயில் உள்ளது.

| | கடை 1 | கடை 2 | போலி | இருப்பு |
|---|---|---|---|---|
| கிடங்கு 1 | 5 | 6 | 0 | 40 |
| கிடங்கு 2 | 6 | 8 | 0 | 30 |
| கிடங்கு 3 | 7 | 4 | 0 | 50 |
| தேவை | 50 | 50 | 20 | 120 |

வடமேற்கு மூலை முறையில் (1,1)=40, (2,1)=10, (2,2)=20, (3,2)=30, (3,போலி)=20 என ஐந்து கட்டங்கள் நிரம்புகின்றன. தேவையான எண்ணிக்கையும் 3+3−1=5 என்பதால், நிரம்பிய கட்டங்கள் அதைவிடக் குறையும் சிதைவு தொடக்கத்தில் இல்லை; செலவு 540 ரூபாய். மோடி முறையில், நிரம்பிய கட்டங்களில் செலவு c=u+v ஆகும்படி நிரைகளுக்கு u, நிரல்களுக்கு v என எண்கள் கண்டு, காலிக் கட்டங்களில் c−u−v கணக்கிட்டால், (2,போலி) கட்டத்தில் −4 கிடைக்கிறது. அதுவே மிகக் குறைந்த மதிப்பு. அதன் சுற்றில் (2,2), (3,போலி) ஆகிய இரண்டிலும் குறைக்க வேண்டிய அளவு 20 ஆகவே இருப்பதால் இரண்டும் ஒன்றாகக் காலியாகின்றன. செலவு 460 ரூபாயாகக் குறைகிறது; ஆனால் நிரம்பிய கட்டங்கள் நான்குதான்.

இரண்டையும் நீக்கிவிட்டால், u3+v2=4 என்ற உறவு மற்றச் சமன்பாடுகளோடு ஒட்டாமல் தனித்து நிற்கும்; u3-இன் மதிப்பைக் கண்டுபிடிக்க இயலாது. சிதைவு நேர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே தெளிவான அடையாளம். காலியான ஏதேனும் ஒரு கட்டத்தில் சுழியத்தை எழுதிவிட்டாலும் போதாது. எடுத்துக்காட்டாக (1,போலி) கட்டத்தில் எழுதினால் (1,1), (2,1), (2,போலி) ஆகியவற்றோடு அது மூடிய சுற்றாகிவிடும். அப்போதும் u3 கிடைக்காது. ஒன்றாகக் காலியான இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

முதல் தெரிவாக உண்மையான வழியான (2,2)-ஐச் சுழிய மதிப்போடு வைத்துக்கொள்வோம். அப்போது (1,2) கட்டத்தில் −1 வருவதால் இன்னும் சேமிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் அதன் சுற்றில் குறைக்க வேண்டிய கட்டங்களில் ஒன்று அதே (2,2) என்பதால், நகர்த்தக்கூடிய அளவு சுழியமே. சரக்கும் அசையாது, செலவும் மாறாது. அடிப்படையில் மட்டும் (2,2)-க்குப் பதில் (1,2) வந்து அமர்கிறது. அதன்பின் எல்லா வேறுபாடுகளும் நேர்மமாகி, 460 ரூபாயே மீச்சிறு செலவு என்று உறுதியாகிறது.

இரண்டாம் தெரிவாக (3,போலி)-ஐ வைத்துக்கொண்டால் (1,2)-இல் 3, (2,2)-இல் 4, (1,போலி)-யிலும் (3,1)-இலும் 1 என உடனே எல்லாம் நேர்மமாகின்றன. ஒரு படி மிச்சமாகிறது. செலவு குறைந்த கட்டத்தை வைத்துக்கொள்க என்னும் வழக்கமான அறிவுரை, போலிக் கட்டத்தின் செலவு சுழியம் என்பதால், எப்போதும் இந்தத் தெரிவையே சுட்டும். ஆயினும் அதை உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது. (3,1)-இன் செலவு 7-க்குப் பதில் 5 ஆக இருந்திருந்தால், அந்தக் கட்டத்தில் −1 வந்து, இந்தத் தெரிவிலும் பயனற்ற சுழிய நகர்வு ஒன்று நேர்ந்திருக்கும். இத்தகைய நகர்வுகள் தொடர்ந்து, பழைய அடிப்படைக்கே திரும்பும் சுழற்சியும் இயலக்கூடியதே என்று 1964-இல் காஸ்னர் காட்டினார். கையால் போடும் சிறு கணக்குகளில் அது அரிது.

படிகளின் எண்ணிக்கையைவிட, கிடங்கு 3-இன் இருப்புக்குக் கிடைக்கும் நிழல் விலையையே, அதாவது அங்கே இருப்பு ஒரு மூட்டை மாறினால் மொத்தச் செலவு எவ்வளவு மாறும் என்பதையே, நான் முக்கியமான வேறுபாடாகக் கருதுகிறேன். போலிக் கட்டத்தை வைத்த விடையில் அது 0. மற்ற வழியில் வந்த இறுதி விடையில் 3. செலவும் அனுப்பும் அளவுகளும் ஒன்றாக இருக்கையில் இந்த விலைகள் மட்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், இரண்டும் சரியே. கிடங்கு 3-இல் ஒரு மூட்டை கூடினால் அது அங்கேயே கிடக்கும், எதுவும் மிச்சமாகாது. ஒரு மூட்டை குறைந்தாலோ, கடை 2-க்கான அந்த மூட்டையைக் கிடங்கு 1 அனுப்ப 2 ரூபாயும், கிடங்கு 1 கடை 1-க்கு விட்ட குறையைக் கிடங்கு 2 நிரப்ப 1 ரூபாயும் கூடுதலாகும். ஆகவே கிடங்கை விரிவாக்குவதா என்று கேட்பவருக்கு இங்கே போலிக் கட்டத்தை வைத்த விடையையும், இருப்பு குறைந்தால் என்ன இழப்பு என்று கேட்பவருக்கு மற்ற விடையையும் கொடுக்க வேண்டும். கணினி நிரல்கள் பொதுவாக ஒன்றை மட்டுமே அச்சிடுகின்றன. விடையில் சுழிய மதிப்புள்ள அடிப்படைக் கட்டம் ஒன்றிருந்தால், அந்த விலை எந்தத் திசைக்கு உரியது என்பதை இப்படி ஒரு மூட்டையைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.